போட்டோவில் வந்த தாயக் கணக்கு: ஐகன் பெறுமானம், ஐகன் காவி, சரிபார்த்தல்

மலையகத்தில் கணிதம் படிக்கிற பிள்ளைகளின் கேள்விகள் இப்போது பெரும்பாலும் வட்ஸ்அப்பில் போட்டோவாகத்தான் வருகின்றன. பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இருக்கிற ஒரு பிள்ளை ஒரு கணக்குக்காக ஹட்டன் வரைக்கும் பஸ் ஏறி வர முடியாது. அதனால் விரிவுரையாளர் கையால் எழுதிய டியூட், போட்டோக்கொப்பி எடுத்து, நாலாக மடித்து, லயத்து வீட்டின் மங்கலான வெளிச்சத்தில் படமாகி வந்து சேர்கிறது.

ஐகன் பெறுமானக் கணக்கு இப்படி வரும்போது அதற்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. ஒரே ஓர் எண்ணைப் பிழையாக வாசித்தாலும் கணக்கு முழுதாக ஓடி, விடை வந்து, எல்லாச் சரிபார்ப்பிலும் தேறிவிடும். பிழையான தாயத்துக்குச் சரியான விடை அது. ஆகவே இங்கே இரண்டு விதமான சரிபார்ப்பு தேவை. நான் கணித்தது சரியா என்பது ஒன்று. நான் வாசித்த தாயம்தான் தாளில் இருந்த தாயமா என்பது மற்றது. முதலாவதைப் பாடப்புத்தகங்கள் சொல்லித் தருகின்றன. இரண்டாவதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, அதனால் அதற்குக் கூடுதல் இடம் தருகிறேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிற ஒரு தங்கச்சி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த நேரத்தில் அனுப்பிய கணக்கு இது. வினா ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் இப்படி வரும்:

```
      |  5  -1   1 |
A  =  |  4   1   2 |
      | -2   1   2 |
```

(அ) 3 என்பது A இன் ஓர் ஐகன் பெறுமானம் எனக் காட்டி, மற்றைய ஐகன் பெறுமானத்தைக் காண்க.
(ஆ) ஒவ்வொன்றுக்கும் ஒத்த ஐகன் காவிகளைக் காண்க.
(இ) P⁻¹AP ஒரு மூலைவிட்டத் தாயமாக வரும்படி P என்னும் தாயத்தைக் காண்க.

தட்டச்சில் பார்க்கும்போது எந்தச் சந்தேகமும் இல்லை. போட்டோவில் அப்படி இல்லை. மூன்றாம் நிரையின் தொடக்கத்தில் தாளின் மடிப்பு போயிருந்தது, அதனால் 2க்கு முன்னால் இருப்பது மறைக் குறியா மடிப்பின் நிழலா என்று தெரியவில்லை. நடுவில் உள்ள 1 தலையில் சிறு கொக்கியோடு எழுதப்பட்டிருந்தது, 7 என்றும் வாசிக்கலாம். கடைசி மூலையில் உள்ள 2இன் அடிக்கோடு கொப்பியில் விழவில்லை, அதுவும் 7 போலவே தெரிந்தது.

கணிக்க முன் வாசிப்பு

முதலில் தாயத்தை உங்கள் கொப்பியில் பெரிதாக எழுதுங்கள். சந்தேகமான மூலகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் போட்ட எண்ணை மனதுக்குள் தீர்மானித்துவிட்டு மறந்துபோவதுதான் பெரிய பிழை. பத்து வரி தாண்டிய பிறகு அது சந்தேகம் என்பதே நினைவில் இருக்காது.

அப்புறம் ஒரு நிரையில் எத்தனை மூலகங்கள் என்று எண்ணிப் பாருங்கள். `5 -1 1` என்பது மூன்று மூலகங்கள். இடைவெளி நெருக்கமாக இருந்தால் `5-1` என்று ஒன்றாகச் சேர்த்து வாசித்து, நிரைக்கு இரண்டே மூலகம் என்று எடுத்துவிடுவார்கள். எல்லா நிரையிலும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும், அதோடு ஐகன் பெறுமானம் கேட்டால் தாயம் சதுரமாக இருக்க வேண்டும்.

படத்தை அனுப்புகிறவரிடம் கேட்க முடிந்தால், போட்டோவாக அனுப்பாமல் டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பும்போது வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், மெல்லிய மறைக் குறிகள் அதில்தான் கரைந்துபோகும். டொகியுமென்டாக அனுப்பினால் எடுத்தபடியே வரும். சிக்னல் குறைந்த இடத்தில் பெரிய படம் போக நேரம் எடுக்கும் என்றால் வேறு வழி இருக்கிறது: குரல் செய்தி. "முதல் நிரை: ஐந்து, மறை ஒன்று, ஒன்று" என்று தாளைப் பார்த்து வாசித்து அனுப்பினால் போதும். தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு நிழல் எது, மை எது என்று தெரியும்.

பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நமக்குச் சரியென்று படுகிற வாசிப்பை வைத்துக் கணிக்கத் தொடங்கலாம்.

ஐகன் பெறுமானங்கள்

பூச்சியமல்லாத ஒரு காவி v ஐ A ஆல் பெருக்கும்போது, அதே காவியின் ஒரு மடங்கு திரும்பி வந்தால், v ஓர் ஐகன் காவி. அந்த மடங்குதான் ஐகன் பெறுமானம் λ. அதாவது Av = λv. இதை (A − λI)v = 0 என்று மாற்றி எழுதினால், பூச்சியமல்லாத v கிடைப்பதற்கு A − λI இன் துணிகோவை பூச்சியமாக வேண்டும். அந்தத் துணிகோவையை விரிப்பதுதான் முதல் வேலை.

```
| 5-λ   -1     1  |
|  4    1-λ    2  |
| -2     1    2-λ |
```

முதல் நிரையை ஒட்டி விரித்தால் மூன்று சிறு துணிகோவைகள் வரும். அவற்றைத் தனித்தனியே சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள்:

```
(1-λ)(2-λ) - 2·1   = λ² - 3λ  = λ(λ-3)
4(2-λ) - 2·(-2)    = 12 - 4λ  = -4(λ-3)
4·1 - (1-λ)(-2)    = 6 - 2λ   = -2(λ-3)
```

மூன்றிலும் (λ − 3) இருக்கிறது. இந்த இடத்தில் அவசரப்பட்டு முழுவதையும் பெருக்கி λ³ வரைக்கும் கொண்டுபோய், பிறகு காரணிப்படுத்தக் கஷ்டப்படுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்யாமல் பொதுக் காரணியை உடனே வெளியே எடுங்கள். இரண்டாம் மூலகம் −1, அதன் முன்னால் விரிவின் மறைக் குறியும் உண்டு. இரண்டும் சேர்ந்து நேராகிவிடும்.

```
(5-λ)·λ(λ-3) + 1·(-4)(λ-3) + 1·(-2)(λ-3)
= (λ-3)(5λ - λ² - 6)
= -(λ-3)(λ-2)(λ-3)
```

ஆகவே λ = 3 இரண்டு முறையும் λ = 2 ஒரு முறையும் வருகின்றன. 3 ஐகன் பெறுமானம் என்று காட்டியாயிற்று, மற்றையது 2.

இதை வேறொரு பாதையால் சரிபார்க்கலாம். மூன்றுக்கு மூன்று தாயத்தின் சிறப்பியல்புச் சமன்பாடு எப்போதும் λ³ − Tλ² + Sλ − D = 0 என்ற வடிவில் இருக்கும். T என்பது மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை, அதாவது சுவடு. D என்பது A இன் துணிகோவை. S என்பது மூலைவிட்டத்தில் இரண்டிரண்டு மூலகங்களைப் பிடித்து எடுக்கிற மூன்று சிறு துணிகோவைகளின் கூட்டுத்தொகை. இவை மூன்றையும் λ இல்லாமல், வெறும் எண்களாலேயே கணிக்கலாம்:

```
T = 5 + 1 + 2 = 8
S = (5·1 - (-1)·4) + (5·2 - 1·(-2)) + (1·2 - 2·1) = 9 + 12 + 0 = 21
D = 5·0 + 1·12 + 1·6 = 18
```

ஐகன் பெறுமானங்கள் 3, 3, 2. கூட்டினால் 8. இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் 9 + 6 + 6 = 21. மூன்றையும் பெருக்கினால் 18. மூன்றும் ஒத்துப்போகின்றன. பலரும் சுவட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சுவடு மூலைவிட்டத்துக்கு வெளியே இருக்கும் ஆறு மூலகங்களைத் தொடுவதே இல்லை, அதனால் அது தனியாக நின்றால் பலவீனமான சாட்சி. S, D இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு பிழையை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வருடாவருடம் பார்க்கிறேன். சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்த்த பழக்கத்தில், A ஐ நிரைச் செய்கைகளால் முக்கோண வடிவத்துக்குக் கொண்டுவந்து, மூலைவிட்டத்தில் வருவதை ஐகன் பெறுமானம் என்று எழுதுவது. நமது A ஐ அப்படிச் சுருக்கினால் மூலைவிட்டத்தில் 5, 9/5, 2 வரும். பெருக்கினால் 18, ஆகவே துணிகோவை சரி என்று மனம் நிம்மதியடைந்துவிடும். கூட்டினால் 8.8. சுவடு 8 ஆக இருக்க வேண்டுமே! நிரைகளை ஒன்றோடொன்று கூட்டிக் கழிக்கும் செய்கை துணிகோவையைக் காப்பாற்றும், ஐகன் பெறுமானங்களைக் காப்பாற்றாது. நிரைச் செய்கைக்கு உரிய இடம் λ ஐக் கண்டுபிடித்த பிறகு, A − λI இன் மேல்தான்.

ஐகன் காவிகள்

λ = 3 ஐ எடுப்போம்.

```
          |  2  -1   1 |
A - 3I =  |  4  -2   2 |
          | -2   1  -1 |
```

இரண்டாம் நிரை முதலாவதின் இரு மடங்கு. மூன்றாம் நிரை முதலாவதின் மறை. ஆகவே உண்மையில் இருப்பது ஒரே ஒரு சமன்பாடு: 2x − y + z = 0. மாறிகள் மூன்று, சமன்பாடு ஒன்று, ஆகவே இரண்டை நாம் விரும்பியபடி எடுக்கலாம். y = 2x + z என்று எழுதி, x = 1, z = 0 என்றால் (1, 2, 0). x = 0, z = 1 என்றால் (0, 1, 1). இவை ஒன்றையொன்று சாராத இரண்டு காவிகள். இவற்றின் எந்தச் சேர்க்கையும், பூச்சியக் காவி தவிர, 3க்கு ஐகன் காவிதான். ஆகவே நண்பரின் விடையில் (1, 3, 1) என்று இருந்தால் அவர் பிழை என்று சொல்லிவிடாதீர்கள். 2 − 3 + 1 = 0, அவருடையதும் சரி.

λ = 2 க்கு:

```
          |  3  -1   1 |
A - 2I =  |  4  -1   2 |
          | -2   1   0 |
```

மூன்றாம் நிரை எளிது: y = 2x. அதை முதல் நிரையில் போட்டால் 3x − 2x + z = 0, அதாவது z = −x. x = 1 என்று எடுத்தால் (1, 2, −1). இரண்டாம் நிரையை நாம் பயன்படுத்தவில்லை, அதனால் அது இலவசமாகக் கிடைக்கிற சரிபார்ப்பு: 4 − 2 − 2 = 0. சரி.

இந்த இடத்தில் x = y = z = 0 தவிர வேறு தீர்வே வரவில்லை என்றால், ஐகன் காவி இல்லை என்று எழுதக் கூடாது. எடுத்த λ பிழை அல்லது A − λI ஐ எழுதியதில் பிழை என்று பொருள். மூலைவிட்டத்தில் இரண்டு இடத்தில் λ ஐக் கழித்துவிட்டு மூன்றாவதை மறப்பது வழக்கமான காரணம்.

இனிப் பெருக்கிப் பாருங்கள். மூன்று காவிக்கும் செய்ய வேண்டும்:

```
A(1,2,0)  = (5-2+0,  4+2+0, -2+2+0) = (3,6,0)  = 3(1,2,0)
A(0,1,1)  = (-1+1,   1+2,    1+2)   = (0,3,3)  = 3(0,1,1)
A(1,2,-1) = (5-2-1,  4+2-2, -2+2-2) = (2,4,-2) = 2(1,2,-1)
```

பெருக்கும்போது வினாவில் உள்ள A ஐப் பார்த்துப் பெருக்குங்கள், A − λI ஐ அல்ல. அப்படிச் செய்தால்தான் கழித்தலில் விட்ட பிழையும் அகப்படும்.

(இ) பகுதிக்கு இந்த மூன்று காவிகளையும் நிரல்களாக வைத்தால் P கிடைக்கும். இங்கே மட்டும் D என்பது துணிகோவை அல்ல, ஐகன் பெறுமானங்களை மூலைவிட்டத்தில் வைத்த தாயம்.

```
     | 1  0   1 |          | 3  0  0 |
P =  | 2  1   2 |     D =  | 0  3  0 |
     | 0  1  -1 |          | 0  0  2 |
```

P இன் துணிகோவை 1(−1 − 2) + 1(2 − 0) = −1. பூச்சியமல்ல, ஆகவே P க்கு நேர்மாறு உண்டு. P⁻¹ ஐக் கணித்து மூன்று தாயங்களைப் பெருக்கிப் பார்ப்பதைவிட, AP = PD என்று காட்டுவது குறைந்த வேலை. மேலே செய்த மூன்று பெருக்கல்களே AP இன் மூன்று நிரல்கள். P இல் காவிகளை எந்த வரிசையில் வைத்தீர்களோ, D இலும் அதே வரிசையில் ஐகன் பெறுமானங்கள் வர வேண்டும். வரிசை மாறினால் AP = PD உடனே உடைந்துவிடும்.

தாளில் இருந்தது இந்தத் தாயம்தானா?

இதுவரை செய்த சரிபார்ப்பு எல்லாம் நாம் எழுதி வைத்த A ஐப் பற்றியவை. போட்டோவைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை. வட்டம் போட்ட மூன்று இடங்களையும் மாற்றி வாசித்தால் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மறைக் குறியைத் தவறவிட்டு −2 ஐ 2 என்று வாசித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சுவடு அதே 8 தான். S = 17, D = 6. சமன்பாடு λ³ − 8λ² + 17λ − 6 = 0. இதில் 3 ஐப் போட்டுப் பாருங்கள்: 27 − 72 + 51 − 6 = 0. "3 ஓர் ஐகன் பெறுமானம் எனக் காட்டுக" என்ற பகுதி பிழையான தாயத்திலும் சரியாக வந்துவிட்டது! மிச்சம் λ² − 5λ + 2 = 0, அதன் மூலங்கள் (5 ± √17)/2. வர்க்கமூலம் வந்தவுடன் சிலருக்குச் சந்தேகம் வரும், அது நல்ல சந்தேகம். ஆனால் அசிங்கமான எண் வந்தால் மட்டும் வாசிப்பு பிழை என்று முடிவு செய்ய முடியாது.

அதை அடுத்த வாசிப்பு காட்டும். நடுவில் உள்ள 1 ஐ 7 என்று வாசித்தால் T = 14, S = 63, D = 90. சமன்பாடு λ³ − 14λ² + 63λ − 90 = 0. இதற்கும் 3 ஒரு மூலம். மற்றவை 5, 6. எவ்வளவு அழகான முழு எண்கள்! மூன்றுக்கும் ஐகன் காவி கிடைக்கும், பெருக்கிப் பார்த்தால் சரிவரும், P க்கும் நேர்மாறு இருக்கும். இந்த வாசிப்போடு வேலை செய்கிறவருக்குத் தன் கணிப்பில் இருந்து எந்த எச்சரிக்கையும் வராது.

ஏன் எப்படி மாற்றினாலும் 3 நிலைத்து நிற்கிறது? A − 3I இன் மூன்று நிரைகளும் ஒரே நிரையின் மடங்குகள் என்று மேலே பார்த்தோம். ஒரு மூலகத்தை மாற்றினால் ஒரு நிரைதான் கெடும். மிச்சம் இரண்டு நிரைகளும் இன்னும் ஒன்றுக்கொன்று மடங்குதான், ஆகவே துணிகோவை பூச்சியமாகவே இருக்கும். அதாவது ஓர் ஐகன் பெறுமானத்துக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு ஐகன் காவிகள் இருக்கும் கணக்கில், அந்த ஐகன் பெறுமானத்தை வினாவே தந்திருந்தாலும், ஒற்றை வாசிப்புப் பிழையைப் பிடிக்க அது உதவாது.

இந்த இரண்டு வாசிப்புகளையும் காட்டிக்கொடுப்பது வினாவின் சொற்கள்தான். "மற்றைய ஐகன் பெறுமானத்தை" என்று ஒருமையில் கேட்டிருக்கிறார்கள். அப்படியானால் வேறுவேறான பெறுமானங்கள் இரண்டே இரண்டு. மூன்று வெவ்வேறு பெறுமானங்கள் வந்தால் தாயத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வாசிப்பு இந்த வடிகட்டியையும் தாண்டிவிடும். கடைசி மூலையில் உள்ள 2 ஐ 7 என்று எடுத்தால் T = 13, S = 51, D = 63, ஐகன் பெறுமானங்கள் 3, 3, 7. "மற்றையது" ஒன்றுதான், 7. ஒருமை சரியாக இருக்கிறது. ஆனால் A − 3I ஐ எழுதினால் மூன்றாம் நிரை (−2, 1, 4). அதோடு முதல் நிரையைக் கூட்டினால் 5z = 0. ஆகவே z = 0, y = 2x, கிடைப்பது (1, 2, 0) என்ற ஒரே காவியும் அதன் மடங்குகளும். 7க்கு இன்னொன்று. மொத்தம் இரண்டே காவிகள், மூன்று நிரல்கள் கொண்ட P ஐ அமைக்க வழியில்லை. (இ) பகுதியோ P ஐக் காணச் சொல்கிறது. அந்தத் தங்கச்சி இந்த இடத்தில்தான் நின்றிருந்தார். "அண்ணா, இந்தத் தாயத்தை மூலைவிட்டமாக்க ஏலாது என்று எழுதிட்டன், சரியா?" என்று கேட்டிருந்தார். அவர் வாசித்த தாயத்துக்கு அந்தப் பதில் முழுக்கச் சரி. ஆனால் வினா "காண்க" என்றுதான் சொல்கிறது, "முடியுமா என ஆராய்க" என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தைக் கண்டால் பேனையை வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

எந்த மூலகத்தில் பிழை என்பதையும் A − 3I காட்டிக்கொடுக்கும். மூன்று வாசிப்புகளிலும் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள்:

```
 2 -1  1        2 -1  1        2 -1  1
 4 -2  2        4  4  2        4 -2  2
 2  1 -1       -2  1 -1       -2  1  4
```

ஒவ்வொன்றிலும் இரண்டு நிரைகள் மடங்காக இருக்கின்றன, மிச்சமுள்ள நிரை ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்த ஒழுங்கை உடைக்கிறது. முதலாவதில் இடது கீழ் மூலையில் −2 வந்தால் ஒழுங்கு திரும்பும். இரண்டாவதில் நடுவில் −2 வர வேண்டும், அதோடு 3 ஐக் கூட்டினால் தாயத்தின் மூலகம் 1. மூன்றாவதில் கடைசி மூலையில் −1 வர வேண்டும், 3 ஐக் கூட்டினால் 2. நீங்கள் வட்டம் போட்ட இடமும் இந்த இடமும் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் அங்கேதான் பிழை.

இதற்கு எல்லை உண்டு. ஐகன் பெறுமானங்கள் மூன்றும் வேறுவேறாக இருக்கும் கணக்கில் A − λI இப்படி மடங்கு நிரைகளாக வராது, இந்த வழி அங்கே வேலை செய்யாது. அங்கே நிலைமை மறுபக்கம்: வினா தந்த λ ஐப் போட்டால் துணிகோவை பொதுவாகப் பூச்சியமாகாமல் போகும், அதுவே வாசிப்புப் பிழைக்கு எச்சரிக்கை. வினா எந்த λ ஐயும் தராமல் "காண்க" என்று மட்டும் சொன்னால், போட்டோவுக்குள் இருந்து பிடிக்க எதுவும் இல்லை, அனுப்பியவரிடம் கேட்டே ஆக வேண்டும். இன்னொன்று, ஒழுங்கு அழகாக வருகிறது என்பதற்காக நீங்களாகவே வினாவைத் திருத்திவிடாதீர்கள். உறுதி கிடைக்கும்வரை அது ஊகம்தான்.

கணினியிலோ போனிலோ பார்ப்பதென்றால்

பைதான் இருந்தால் இவ்வளவு போதும்:

```python
import numpy as np
A = np.array([[5,-1,1],[4,1,2],[-2,1,2]])
w, V = np.linalg.eig(A)
print(w)
print(V)
print(np.linalg.matrix_rank(A - 3*np.eye(3)))
```

வருகிற விடை உங்களுடையதைப் போல இருக்காது. ஐகன் பெறுமானங்கள் எந்த வரிசையிலும் வரலாம், 3க்குப் பதில் 2.9999999 போன்ற ஒன்றும் வரலாம். காவிகள் `V` இன் நிரல்கள், நிரைகள் அல்ல. நிரையாக வாசித்துவிட்டு விடை பிழை என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு காவியின் நீளமும் 1 ஆகும்படி சுருக்கப்பட்டிருக்கும், ஆகவே 2க்குரிய காவி 0.408, 0.816, −0.408 என்றோ அதன் மறையாகவோ வரும். முதல் எண்ணால் மூன்றையும் வகுத்தால் (1, 2, −1) திரும்பக் கிடைக்கும். 3க்குரிய இரண்டு நிரல்களையும் உங்கள் (1, 2, 0), (0, 1, 1) உடன் நேரடியாக ஒப்பிட முடியாது. அவை 2x − y + z = 0 ஐத் திருப்தி செய்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். கடைசி வரியில் 1 வந்தால் A − 3I இல் ஒரே ஒரு சமன்பாடுதான் இருக்கிறது, 3க்கு இரண்டு காவிகள் உண்டு. நாம் பார்த்த மூன்று பிழையான வாசிப்புகளிலும் அந்த இடத்தில் 2 வரும்.

நிரலில் தாயத்தைத் தட்டச்சு செய்வதும் இன்னொரு வாசிப்புதான். கொப்பியைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் கொப்பியில் உள்ள பிழை அப்படியே உள்ளே போகும். போட்டோவைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.

விடையைத் திருப்பி அனுப்பும்போது, முதல் வரியில் நீங்கள் எடுத்த தாயத்தைத் தெளிவாக எழுதி, சந்தேகமான மூலகங்களை வட்டத்தோடு விட்டு அனுப்புங்கள். தாளைக் கையில் வைத்திருப்பவர் அந்த மூன்று எண்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். உறுதி கிடைக்காமலே ஒப்படைக்க வேண்டிய நிலை வந்தால், "மூன்றாம் நிரையின் முதல் மூலகம் −2 என எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அதற்குக் கீழே கணக்கைத் தொடங்குங்கள்.